மறுப்புக்குப் பின் தொடங்கும் பகை: சட்டம் எதைப் பார்க்கிறது, எதைத் தவறவிடுகிறது?

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது அத்துமீறிய செயலோ ஆபாசமான சொல்லோதான். ஆனால் சட்ட உதவி தேடி வரும் பெண்களில் பலர் சொல்லும் கதை வேறு. உடன் பணிபுரியும் ஒருவர் நட்பாகவோ காதலாகவோ அணுகினார், அவள் மறுத்தாள், அதற்குப் பிறகு அவளுடைய வேலை நாள்கள் மாறிவிட்டன. கோப்புகள் தாமதமாக வருகின்றன, கூட்டங்களுக்கு அழைப்பு இல்லை, பேசிக்கொண்டிருந்தவர்கள் முகம் திருப்பிக்கொள்கிறார்கள். "இதையெல்லாம் எப்படிப் புகாராக எழுதுவது?" என்பதே அவர்களின் முதல் கேள்வி.

தலித் பெண்ணைப் பொறுத்தவரை இந்தப் பகைக்கு இன்னொரு முகமும் உண்டு. இவள் மறுக்கமாட்டாள் என்ற சாதிய எண்ணத்தோடு அணுகும் ஆண், மறுப்பைத் தன் சாதிக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொள்கிறான். அதுவரை மறைந்திருந்த சாதி, மறுப்புக்குப் பிறகு வாய்மொழியாக வெளிவருகிறது. ஆகவே இரண்டு சட்டங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியுள்ளது: 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்.

அணுகுவது குற்றமா?

ஒருவர் ஒருமுறை நாகரிகமாகத் தன் விருப்பத்தைச் சொல்லி, மறுப்பைக் கேட்டு விலகிக்கொண்டால் அது துன்புறுத்தல் ஆகாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அளவுகோல், அந்த நடத்தை பெண்ணுக்கு விருப்பமற்றதா, பாலியல் தன்மை கொண்டதா என்பது. மறுத்த பின்னும் தொடரும் செய்திகள், தோற்றத்தைப் பற்றிய பேச்சு, பின்தொடர்தல் ஆகியவை அந்த வரம்புக்குள் வருகின்றன.

மறுப்புக்குப் பின் வரும் பகையைப் பற்றிப் பேசுவது பிரிவு 3. வேலையில் பாதகம் நேரும் என்ற மிரட்டல், வேலையில் குறுக்கிடுதல், அச்சமூட்டும் அல்லது பகைமையான பணிச்சூழலை உருவாக்குதல், உடல்நலத்தையோ பாதுகாப்பையோ பாதிக்கக்கூடிய இழிவான நடத்தை ஆகியவற்றை அது பட்டியலிடுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: இவை ஏதேனும் ஒரு பாலியல் துன்புறுத்தல் செயலோடு தொடர்புடையவையாக இருக்க வேண்டும். வழக்கின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இந்தத் 'தொடர்பு' என்ற ஒரு சொல்லில்தான் தங்கியிருக்கின்றன. பகை இருந்தது என்று மட்டும் காட்டினால், அது அலுவலகப் பூசல் என்று ஒதுக்கப்படும். அந்தப் பகை எதிலிருந்து பிறந்தது என்பதையும் காட்டியாக வேண்டும்.

ஒரு மாதிரி நிகழ்வு

விளக்கத்துக்காக ஒரு நிகழ்வை அமைத்துக்கொள்வோம். தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணிபுரியும் பட்டியல் சாதிப் பெண். அவருக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர் அதே பிரிவின் மூத்த ஊழியர். அவருடைய ஊர், குடும்பம் எல்லாம் அறிந்தவர்.

ஜனவரி 10 அன்று அந்த மூத்த ஊழியர் வாட்ஸ்அப்பில் தன் விருப்பத்தைத் தெரிவிக்கிறார். "சார், எனக்கு இதில் விருப்பமில்லை. உடன் பணிபுரிபவர்களாகவே இருப்போம்" என்று அவர் பதில் எழுதுகிறார். 14, 18 தேதிகளில் தோற்றத்தைப் பற்றிய பேச்சோடு மேலும் செய்திகள் வருகின்றன. மீண்டும் மறுக்கிறார். 19-ஆம் தேதி, "நீ இங்கே எப்படி நிம்மதியாக வேலை பார்க்கிறாய் என்று பார்க்கலாம்" என்று ஒரு செய்தி. பிப்ரவரியிலிருந்து பட்டியல்கள் கெடு முடியும் நாளின் மாலையில்தான் அவர் மேசைக்கு வருகின்றன. பிப்ரவரி 17 அன்று பிரிவின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கப்படுகிறார். மார்ச் 5 அன்று உணவறையில், பிற ஊழியர்களும் வெளி ஒப்பந்தக்காரரின் பணியாளர்களும் இருக்கையில், சாதிப் பெயரைச் சொல்லி, "இவளுக்கெல்லாம் இவ்வளவு திமிரா" என்கிறார். இரண்டு ஆண்டுகள் நல்ல மதிப்பீடு பெற்றவருக்கு மார்ச் 28 அன்று, "ஒத்துழைப்பு இல்லை" என்ற குறிப்போடு குறைந்த மதிப்பீடு.

இதில் புகாருக்கு முதுகெலும்பாக நிற்பது சாதி வசவோ மதிப்பீடோ அன்று; ஜனவரி 19 செய்திதான். மறுப்பையும் பின்வந்த பகையையும் இணைக்கும் கண்ணி அதுவே. பல நிகழ்வுகளில் இப்படி வெளிப்படையான செய்தி இருக்காது. அப்போது 'முன்பு, பின்பு' என்ற ஒப்பீடுதான் சான்று. ஜனவரிக்கு முன் பட்டியல்கள் எந்த நேரத்தில் வந்தன, பிறகு எப்போது வந்தன? அதே வேலையைச் செய்யும் மற்றவர்களுக்கு எப்போது கிடைத்தன? பழைய மதிப்பீடுகள் என்ன? மின்னஞ்சல்களின் நேரக்குறிப்பே இதைச் சொல்லிவிடும். தன் பதில்கள் மென்மையாக இருக்கின்றன என்று வெட்கப்பட்டு உரையாடலை அழித்துவிடும் பெண்கள் உண்டு. அழிக்கக் கூடாது. மேலதிகாரியிடம் பணிவாக மறுப்பது சம்மதம் ஆகாது. அந்த மென்மையான மறுப்பும் சான்றுதான்.

மூன்று மாதக் கடிகாரம்

பிரிவு 9-இன்படி, நிகழ்வு நடந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் புகார் அளிக்க வேண்டும். தொடர் நிகழ்வுகள் என்றால் கடைசி நிகழ்விலிருந்து மூன்று மாதங்கள். அக்காலத்துக்குள் புகார் அளிக்க முடியாத சூழ்நிலை இருந்தது என்று குழு நம்பினால், காரணத்தை எழுத்தில் பதிந்து மேலும் மூன்று மாதங்கள் வரை நீட்டிக்கலாம். அதற்குமேல் நீட்டிக்கச் சட்டத்தில் வழியில்லை.

கடைசி நிகழ்வு எது? இக்கேள்விக்கு 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை ஒவ்வொரு செயற்பாட்டாளரும் அறிந்திருக்க வேண்டும். மேற்கு வங்கத்தில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் ஆசிரியை, துணைவேந்தர் மீது புகார் அளித்தார். கடைசிப் பாலியல் துன்புறுத்தல் 2023 ஏப்ரலில் நடந்தது. ஆகஸ்டில் அவர் ஒரு மையத்தின் இயக்குநர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். 2023 டிசம்பர் 26 அன்று புகார் கொடுத்தார். மறுத்ததற்கான பழிவாங்கலே இந்த நீக்கம் என்பது அவர் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நீக்கம் ஒரு நிர்வாக நடவடிக்கை. ஏப்ரல் நிகழ்வோடு துன்புறுத்தல் முடிந்துவிட்டது. ஆறு மாதங்களும் கடந்துவிட்டதால் புகாரை விசாரிக்க முடியாது என்றது. அதே சமயம், இந்தத் தீர்ப்பைத் துணைவேந்தரின் தன்விவரக் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

பழிவாங்கல் பெரும்பாலும் நிர்வாகத்தின் மொழியில்தான் நடக்கிறது என்பதைக் காணத் தவறிய தீர்ப்பு என்றே நான் கருதுகிறேன். எனினும் சட்டம் இன்று இப்படித்தான் நிற்கிறது. நம் மாதிரி நிகழ்வில் அந்தப் பெண், மார்ச் 28 மதிப்பீட்டிலிருந்து எண்ணி, ஜூன் 20 அன்று புகார் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். எதிர்த்தரப்பு, மதிப்பீடு நிர்வாக நடவடிக்கை, கடைசிச் செயல் ஜனவரி 19 செய்திதான், ஏப்ரல் 19-உடன் கெடு முடிந்தது என்று வாதிடும். ஆகவே பாதுகாப்பான வழி, வெளிப்படையான கடைசிச் செயலிலிருந்தே நாளை எண்ணுவது. அந்த நாள் கடந்துவிட்டால், தாமதத்துக்கான காரணங்களோடு நீட்டிப்பு வேண்டுகோளைப் புகாருடனேயே எழுத்தில் இணைக்க வேண்டும். ஜூலை 19 வரை அந்தக் கதவு திறந்திருக்கும்.

புகார் பெற்ற குழு 90 நாள்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். அதுவரை அவருடைய பணியை யார் மதிப்பிடுவது? எதிர்த்தரப்பினர் அவருடைய வேலையை மதிப்பிடவோ மந்தண அறிக்கை எழுதவோ கூடாது என இடைக்காலமாகத் தடுத்து, அப்பொறுப்பை வேறொருவருக்கு அளிக்குமாறு குழு பரிந்துரைக்கலாம். இதை அந்தப் பெண்தான் எழுத்தில் கேட்க வேண்டும். 'தகுந்த நிவாரணம்' என்று பொதுவாகக் கேட்டால், அவரையே வேறு கிளைக்கு மாற்றிவிட்டு அதை நிவாரணம் என்று சொல்லும் நிர்வாகங்கள் உண்டு. நிரூபிக்க முடியாமல் போனால் நம் மீதே நடவடிக்கை வருமோ என்ற அச்சத்துக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது: நிரூபிக்க இயலாமை மட்டுமே பொய்ப் புகார் ஆகாது என்று பிரிவு 14 தெளிவாகச் சொல்கிறது.

சாதி வெளிவரும் இடம்

உள்ளகப் புகார்க் குழுவுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்த் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை. அது காவல் துறைக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் உரியது. ஒரு வழியைத் தேர்ந்தால் மற்றது அடைபடும் என்று நிர்வாகங்கள் சொல்வது தவறு. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பிற சட்டங்களுக்குக் கூடுதலானதே அன்றி மாற்றானதன்று.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் இரண்டு உட்பிரிவுகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பிரிவு 3(1)-இன் (ஆர்), (எஸ்) உட்பிரிவுகள் சாதி இழிவைப் பற்றியவை. அச்சொல் பொதுப் பார்வையில் படும் இடத்தில் சொல்லப்பட்டிருக்க வேண்டும். நான்கு சுவர்களுக்குள், பொதுமக்கள் எவரும் இல்லாத இடத்தில் பேசப்பட்டது இதில் அடங்காது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே மார்ச் 5 அன்று உணவறையில் யார் யார் இருந்தார்கள், என்ன சொல் சொல்லப்பட்டது என்பதை அன்றே எழுதி வைப்பது இன்றியமையாதது. 'சாதியைச் சொல்லித் திட்டினார்' என்று மட்டும் எழுதினால் போதாது. சொன்ன சொல் அப்படியே பதிவாக வேண்டும்.

(டபிள்யூ) உட்பிரிவு பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்ணை நோக்கிய பாலியல் தன்மையுள்ள சொல், செயல், சைகையைக் குறிப்பது. இதற்குப் பொதுப் பார்வை என்ற நிபந்தனை இல்லை. தனிப்பட்ட செய்திகளும் இதில் வரலாம். அவள் சாதி தெரிந்தே செய்தார் என்று காட்ட வேண்டும். ஆனால் அவளையோ குடும்பத்தையோ நேரடியாக அறிந்தவர் என்றால், சாதி தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும் என்கிறது பிரிவு 8. தெரியாது என்று நிரூபிப்பது எதிரியின் பொறுப்பு. இக்குற்றங்களுக்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. மூன்று மாதக் கெடு இங்கே கிடையாது. கடிகாரம் ஓடி முடிந்த பெண்ணுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது.

எல்லையையும் சொல்லியாக வேண்டும். பேசாமல் ஒதுக்குவதும் கோப்பைத் தாமதிப்பதும் மட்டுமே நடந்து, பாலியல் சொல்லோ சாதிச் சொல்லோ இல்லையென்றால், இந்த உட்பிரிவுகள் உதவா. அங்கே உள்ளகப் புகார்க் குழுதான் வழி.

அந்தக் குழுவில் யார் அமர்கிறார்கள்? பத்துக்கும் குறைவானோர் பணிபுரியும் இடங்களுக்கும், முதலாளி மீதான புகார்களுக்கும் மாவட்ட அளவில் அமையும் உள்ளூர்க் குழுவில், நியமன உறுப்பினர்களில் ஒருவராவது பட்டியல் சாதி, பழங்குடி, பிற பிற்படுத்தப்பட்ட அல்லது சிறுபான்மைச் சமூகப் பெண்ணாக இருக்க வேண்டும் என்று பிரிவு 7 சொல்கிறது. நிறுவனங்களின் உள்ளகப் புகார்க் குழுவை அமைக்கும் பிரிவு 4-இல் அப்படி ஒரு சொல்கூட இல்லை. உணவறையில் சொல்லப்பட்ட சாதிச் சொல்லை 'அலுவலகக் கோபம்' என்று எழுதிவிடும் குழுக்கள் உருவாவது இந்த மௌனத்தினால்தான். பிரிவு 7-இன் நிபந்தனையைப் பிரிவு 4-இலும் சேர்க்கும் திருத்தத்தை நாம் கோர வேண்டும். அது வரும்வரை, தங்கள் நிறுவனத்தின், கல்லூரியின் குழுவில் இருப்பவர்கள் யார் என்று கேட்டறிவதையாவது மாணவர்களும் ஊழியர் சங்கங்களும் இன்றே தொடங்கலாம்.