ஒற்று பார்த்து அனுப்புங்கள்

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவரைப் பள்ளி ஆண்டு விழாவுக்கு அழைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் தட்டி முடித்த செய்தி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

“மதிப்பிற்க்குரிய ஐயா , எங்கள் ஆண்டு விழாவிற்கு தாங்கள் தலைமை தாங்க வேண்டும் என்றுக் கேட்டு கொள்கிறோம்.கடந்த ஆண்டு தங்கள் உரையை கேட்டப் பெற்றோர்கள் இந்த முறையும் தங்களையே அழைக்க சொன்னார்கள்!!!”

இரண்டே வாக்கியம், பத்துப் பிழை. அவற்றில் ஏழு ஒற்றுப்பிழைகள். வேண்டிய இடத்தில் நான்கு ஒற்றுகள் விடுபட்டிருக்கின்றன. வேண்டாத இடத்தில் மூன்று முளைத்திருக்கின்றன. விடுபட்டவற்றுக்குக் கைப்பேசியும் ஒரு காரணம். ‘விழாவிற்கு’ என்று அது எடுத்துக்கொடுக்கும் சொல்லைத் தொட்டதும் இடைவெளியும் சேர்ந்தே விழுந்துவிடுகிறது. திரும்பிப் போய் ‘த்’ போட யாருக்குப் பொறுமை இருக்கிறது?

சரிபார்க்கும்போது எல்லாச் சொற்களையும் உற்றுப் பார்க்கத் தேவையில்லை. க, ச, த, ப வரிசை எழுத்துகளில் தொடங்கும் சொற்களில் மட்டும் நின்று, அவற்றுக்கு முந்தைய சொல் எப்படி முடிகிறது என்று பாருங்கள். ‘கு’ என்ற வேற்றுமை உருபில் முடிந்தால் ஒற்று மிகும்: விழாவிற்குத் தாங்கள். ‘ஐ’ உருபில் முடிந்தாலும் அப்படியே: உரையைக் கேட்ட. ‘அழைக்க’, ‘வர’, ‘செய்ய’ போன்ற வினையெச்சங்களுக்குப் பின்னும் மிகும்: அழைக்கச் சொன்னார்கள்.

‘தலைமை தாங்க’ என்பதும் ஐ ஒலியில்தானே முடிகிறது என்று கேட்கலாம். அந்த ‘ஐ’ அச்சொல்லுக்கே உரியது, உருபு அன்று. ‘தலைமையை’ என்று விரித்து எழுதினால்தான் ‘த்’ வரும். இதைக் கவனிக்காமல் விட்டால் பொருளே மாறிவிடும். ‘வேலை கொடுங்கள்’ என்பவர் பணி கேட்கிறார். ‘வேலைக் கொடுங்கள்’ என்பவர் முருகன் கையில் இருப்பதைக் கேட்கிறார்.

பலரும் தடுமாறுவது ‘என்றுக் கேட்டு கொள்கிறோம்’ என்பதில். ஒற்று சரியாக இடம் மாறி நிற்கிறது. இங்கே சொல்லின் கடைசி எழுத்துக்கு முன்னால் உள்ள மெய்யைப் பார்க்க வேண்டும். கேட்டு, எடுத்து, ஏற்று என்று வல்லின மெய் இருந்தால் மிகும்: கேட்டுக்கொள்கிறோம், எடுத்துச் செல்கிறோம். என்று, வந்து, கொண்டு, செய்து என்று மெல்லினமோ இடையினமோ இருந்தால் மிகாது: என்று கேட்டு, வந்து சேர்ந்தார், செய்து தருவோம். இந்தக் கணக்கு வினையெச்சங்களுக்கு மட்டுமே. ‘மருந்துக் கடை’ என்று பெயர்ச்சொல் வரும்போது பொருந்தாது.

ஒற்றுப் போடும் பழக்கம் வந்தவர்கள் அதை எங்கும் போட்டுவிடுவதும் உண்டு. ‘கேட்டப் பெற்றோர்’ அந்த வகை. கேட்ட, வந்த, கடந்த ஆகியவை பெயரெச்சங்கள். இவற்றுக்குப் பின் மிகாது. அந்த, இந்த, எந்த ஆகியவற்றுக்குப் பின் மிகும். ஆகவே ‘கடந்த காலம்’, ஆனால் ‘அந்தக் காலம்’.

‘மதிப்பிற்க்குரிய’ என்பதில் உள்ள பிழை வேறு. இது ஒரு சொல்லுக்குள்ளேயே நேர்வது. ற், ட் ஆகிய மெய்களை அடுத்து இன்னொரு மெய் எழுத்தைப் போடக் கூடாது. எனவே மதிப்பிற்குரிய, அதற்கு, முயற்சி, பயிற்சி, கட்சி. ய், ர், ழ் அடுத்து இரட்டிக்கலாம்: பாய்ச்சல், வளர்ச்சி, மகிழ்ச்சி. ‘வளர்ச்சி’யைப் பார்த்துப் பழகிய கைதான் ‘முயற்ச்சி’ என்றும் எழுதிவிடுகிறது.

நிறுத்தக்குறிகளில் பார்க்க வேண்டியது குறைவு. காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் முந்தைய சொல்லை ஒட்டியே நிற்க வேண்டும். இடைவெளி அவற்றுக்குப் பின்னால். மூன்று உணர்ச்சிக்குறிகளை நண்பர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காற்புள்ளி வந்த இடத்தில் ஒற்றும் தேவையில்லை: ‘விழாவிற்கு, தாங்கள்’ என்று எழுதினால் ‘த்’ வராது.

திருத்திய செய்தி இது:

“மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் ஆண்டு விழாவிற்குத் தாங்கள் தலைமை தாங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கடந்த ஆண்டு தங்கள் உரையைக் கேட்ட பெற்றோர்கள் இந்த முறையும் தங்களையே அழைக்கச் சொன்னார்கள்.”

ஒரு நிறுவனமோ பள்ளியோ தன் பெயரைப் பலகையில் ஒற்றில்லாமல் எழுதியிருந்தால், அதை நாம் திருத்த வேண்டியதில்லை. அவர்கள் எழுதுகிறபடியே எழுதுங்கள். அவசரத்தில் முழுதாகப் பார்க்க நேரமில்லை என்றால், ‘ஐ’, ‘கு’ உருபுகளில் முடியும் சொற்களையும் ‘ற்’ வரும் இடங்களையும் மட்டுமாவது பார்த்துவிட்டு அனுப்புங்கள்.