பாப்பாவுக்கு ஒரு பொத்தான்

என் பெரியம்மா ஒருநாள் காலையில் பதிவுசெய்த குரல் செய்தி, தெருக்காரர்கள் குழுவுக்குப் போய்விட்டது. "பாப்பா, மாத்திரை போட்டேன், மலச்சிக்கல் பரவாயில்லை" என்பதுதான் செய்தி. சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்குப் போக வேண்டியது. பால்காரர் வரை கேட்டுவிட்டார்கள்.

தவறு பெரியம்மாவின் கண்ணில் இல்லை. வாட்ஸ்அப்பின் பட்டியல் ஓரிடத்தில் நிற்காது. யாரிடமிருந்து கடைசியாகச் செய்தி வந்ததோ அவர் மேலே ஏறுவார், மற்றவர்கள் ஒரு படி இறங்குவார்கள். பாப்பா இரண்டாவது இடத்தில் இருப்பாள் என்று பழகிய விரல் அங்கே தொடும். அதற்குள் தெருக்காரர்கள் குழுவில் யாரோ 'இனிய காலை வணக்கம்' அனுப்பியிருப்பார்.

இதற்குத் தீர்வு, பாப்பாவின் உரையாடலுக்கே ஒரு குறுக்குவழியை போனின் முகப்புத் திரையில் வைத்துவிடுவது. வைத்த இடத்திலேயே அது இருக்கும். தொட்டால் பட்டியல் எதுவும் வராமல் நேராக அவளுடைய உரையாடல் திறக்கும்.

ஆண்ட்ராய்டு போனில் இதைச் செய்ய ஒரு நிமிடம் போதும். வாட்ஸ்அப்பில் அவருடைய உரையாடலைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொடுங்கள். வரும் பட்டியலில் More, அதற்குள் Add shortcut. உடனே போன், 'முகப்பில் சேர்க்கட்டுமா?' என்ற பொருளில் ஒரு சிறு பெட்டியைக் காட்டும். அதற்குச் சம்மதம் சொன்னால்தான் வேலை முடியும். பலர் இந்தப் பெட்டியைக் கவனிக்காமல் பின்னால் போய்விட்டு, 'வரவே இல்லை' என்பார்கள். வந்த பொத்தானில் அவருடைய முகப்புப் படமும், ஓரத்தில் சின்னதாக வாட்ஸ்அப் முத்திரையும் இருக்கும்.

சம்மதம் சொல்லியும் வரவில்லை என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். சில போன்களில் முகப்பின் அமைப்பையே பூட்டி வைக்கும் வசதி உண்டு. பூட்டியிருந்தால் எதுவும் சேராது. ரெட்மி போன்ற போன்களில், முகப்பில் குறுக்குவழி வைக்க வாட்ஸ்அப்புக்குத் தனியாக அனுமதி தர வேண்டியிருக்கும். செட்டிங்ஸில் வாட்ஸ்அப்பைத் தேடி, அதன் இதர அனுமதிகளுக்குள் Home screen shortcuts என்பதைத் திறந்துவிட வேண்டும்.

பொத்தான் வந்ததும் அதை அழுத்திப் பிடித்து, திரையின் அடிவரிசைக்கு இழுத்துவிட்டேன். முகப்பின் பக்கங்களை எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்த வரிசை நகராது, கட்டைவிரலுக்கும் எட்டும்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் கழித்து, "பாப்பா பதிலே போட மாட்டேங்கிறா" என்று பெரியம்மாவிடமிருந்து அழைப்பு. போய்ப் பார்த்தால், அனுப்பிய செய்திகள் எல்லாவற்றிலும் ஒற்றை டிக். மகளின் பழைய இந்திய எண் 'பாப்பா சிங்கப்பூர் பழசு' என்றும், புதிய எண் 'பாப்பா சிங்கப்பூர் புதுசு' என்றும் போனில் பதிவாகியிருந்தன. பெயர் நீளமானால் முகப்பில் பாதிதான் தெரியும். இரண்டுமே 'பாப்பா சிங்…' தான்! நான் வைத்துக் கொடுத்தது பழசு. குறுக்குவழி ஆளைத் தேடிப் போவதில்லை, அந்த எண்ணின் உரையாடலுக்குத்தான் போகும். பழசை நீக்கிவிட்டு, புதிய எண்ணின் பெயரை வெறும் 'பாப்பா' என்று சுருக்கி, மறுபடி வைத்தேன்.

நீக்குவதைப் பற்றிப் பயம் வேண்டாம். பொத்தானை அழுத்திப் பிடித்து Remove கொடுத்தால் பொத்தான் மட்டும்தான் போகும். பேசியது, படங்கள் எல்லாம் அப்படியே இருக்கும். Uninstall என்ற சொல் வந்தால் மட்டும் கையை எடுத்துவிடுங்கள். நீங்கள் பிடித்திருப்பது வாட்ஸ்அப் செயலியையே.

இது அழைப்புப் பொத்தான் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். உரையாடல் திறந்தபின் மேலே உள்ள போன் படத்தைத் தொட்டால்தான் அழைப்பு போகும். தொட்டதும் மணி அடிக்க வேண்டுமென்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது: முகப்பில் வெற்றிடத்தை அழுத்திப் பிடித்து, Widgets என்பதில் Contacts தரும் Direct dial. அது சாதாரண போன் அழைப்பு. சிங்கப்பூருக்கு அப்படிக் கூப்பிட்டால் காசு ஆகும் என்பதால் பெரியம்மாவுக்கு அதை நான் காட்டவே இல்லை.

வசதியாக இருக்கிறதே என்று பத்துப் பேருக்கு வைக்காதீர்கள். பத்துப் படங்களுக்குள் ஒன்றைத் தேடுவதும் பழைய பட்டியலில் தேடுவதும் ஒன்றுதான். தினமும் பேசுகிறவர் ஒருவர், மிஞ்சினால் இருவர். பெரியம்மாவின் அடிவரிசையில் இப்போது இரண்டு படங்கள். ஒன்று பாப்பா. இன்னொன்றில் முருகன் சிரிக்கிறார், அது பால்காரர்.