மட்டாஞ்சேரி மாறவே இல்லை, எர்ணாகுளம் கோடு மட்டும் ஏறியது எப்படி? 14 மாவட்டங்களை ஒரே படத்தில் காட்டும் ஸ்லோப் சார்ட்

கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் நடந்தால், ஒரு பக்கம் பழைய மசாலா கிடங்குகள், மறுபக்கம் ஒட்டி ஒட்டி வீடுகள். இது நேற்று முளைத்த நகரம் இல்லை. 1967-ல் கொச்சி மாநகராட்சியோடு இணைக்கப்படும் முன்பே மட்டாஞ்சேரி தனி நகராட்சியாக இருந்தது. அந்த மாநகராட்சியின் மக்கள்தொகை 2001-லும் சுமார் 6 லட்சம், 2011-லும் சுமார் 6 லட்சம்தான்.

ஆனால் மட்டாஞ்சேரி இருக்கும் எர்ணாகுளம் மாவட்டத்தில், நகர்ப்புறங்களில் வசிப்போரின் பங்கு அதே பத்து ஆண்டுகளில் 48 சதவீதத்திலிருந்து 68 சதவீதமாக உயர்ந்ததாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்கிறது. நகரம் வளரவில்லை, நகர்ப்புறப் பங்கு மட்டும் 20 சதவீதப் புள்ளிகள் கூடியிருக்கிறது. அது எப்படி? கேரளாவின் 14 மாவட்டங்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். அதற்கு உதவுவதுதான் ஸ்லோப் சார்ட்.

ஸ்லோப் சார்ட் என்றால் என்ன?

இரண்டு செங்குத்துக் கோடுகளை வரையுங்கள். இடது பக்கம் 2001, வலது பக்கம் 2011. இரண்டுக்கும் ஒரே அளவுகோல். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இடதில் ஒரு புள்ளி, வலதில் ஒரு புள்ளி, இரண்டையும் இணைக்கும் ஒரு கோடு. அவ்வளவுதான்.

அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட் டஃப்டே, 1983-ல் வெளியான தன் புத்தகத்தில் இதே வடிவத்தில் 15 நாடுகளின் அரசு வருவாயை 1970, 1979 என இரண்டு ஆண்டுகளுக்கு ஒப்பிட்டுக் காட்டினார்.

பார் சார்ட் போதாதா என்று கேட்கலாம். 14 மாவட்டங்கள், இரண்டு ஆண்டுகள் என்றால் 28 பார்கள். எது எதன் ஜோடி என்று கண் தேடிக்கொண்டே இருக்கும். ஸ்லோப் சார்ட்டில் அதே 28 எண்கள் 14 கோடுகளாகச் சுருங்கிவிடும். ஒவ்வொரு கோட்டிலும் எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது, எவ்வளவு வேகம் என மூன்றும் தெரியும்.

கேரளா படத்தில் என்ன தெரிகிறது?

முதலில் மலப்புரத்தையும் பத்தனம்திட்டாவையும் பாருங்கள். 2001-ல் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடம், 10 சதவீதம். அங்கிருந்து மலப்புரத்தின் கோடு செங்குத்தாக ஏறி 44-ல் போய் நிற்கிறது. பத்தனம்திட்டா 11-லேயே நின்றுவிடுகிறது. இடுக்கியின் கோடு 5.1-லிருந்து 4.7-க்கு லேசாகக் கீழே சரிகிறது. அட்டவணையில் வெவ்வேறு வரிசைகளில் ஒளிந்திருக்கும் இந்த வித்தியாசம், படத்தில் ஒரே பார்வையில் பிடிபடும்.

அடுத்து, கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள். 2001-ல் கண்ணூர்தான் 50 சதவீதத்தோடு முதலிடம். திருச்சூர் 28 சதவீதத்தோடு ஆறாவது இடம். 2011-ல் திருச்சூர் 67-க்குப் போய்விட்டது. கண்ணூர் 65-ஓடு நான்காவது.

அப்போ கண்ணூர் சரிந்துவிட்டதா? இல்லை. அது 15 சதவீதப் புள்ளிகள் ஏறியிருக்கிறது, மற்றவை அதைவிட வேகமாக ஏறின. சதவீதத்துக்குப் பதிலாக 1, 2, 3 என்று தரவரிசையை வைத்து வரைந்தால், கண்ணூரின் கோடு கீழே இறங்கும். ஏறிய மாவட்டத்தை இறங்கியதாகக் காட்டிவிடுவோம். அதனால் கையில் உண்மையான மதிப்பு இருந்தால் அதை வைத்தே வரையுங்கள்.

இன்னொன்று, கோட்டின் சாய்வு காட்டுவது கூடுதலை, மடங்கை அல்ல. திருச்சூர் 39 சதவீதப் புள்ளிகள் ஏறியது, மலப்புரம் 34. படத்தில் திருச்சூர்தான் செங்குத்து. ஆனால் மடங்காகப் பார்த்தால் மலப்புரத்தின் பங்கு நான்கு மடங்குக்கு மேல் ஆகியிருக்கிறது, திருச்சூருடையது இரண்டரை மடங்கைத் தொடவில்லை. எதைச் சொல்கிறோம் என்பதைத் தலைப்பிலேயே தெளிவாக எழுதிவிடுவது நல்லது.

நீங்களே வரைவது எப்படி?

எக்செல் போதும். முதல் பத்தியில் மாவட்டத்தின் பெயர், அடுத்த இரண்டில் 2001, 2011. தேர்ந்தெடுத்து லைன் சார்ட் போட்டால், முதலில் குழப்பமான படம்தான் வரும். வரிசைகள் அதிகம் என்பதால், எக்செல் மாவட்டங்களைக் கீழ் அச்சில் வைத்துவிடும். `Switch Row/Column` அழுத்தினால் இரண்டு ஆண்டுகளும் கீழே வந்து, 14 கோடுகள் கிடைக்கும்.

இனிமேல்தான் உண்மையான வேலை. 14 கோடுகளுக்கு 14 நிறம் கொடுத்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது. எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கிவிட்டு, நீங்கள் பேசப்போகும் மூன்று, நான்கு கோடுகளுக்கு மட்டும் நிறம் கொடுங்கள். பெயர்களைத் தனிப் பெட்டியில் போடாமல், கோட்டின் நுனியிலேயே எழுதுங்கள்.

அங்கே ஒரு நெரிசல் வரும். 2011-ல் எர்ணாகுளம், திருச்சூர், கோழிக்கோடு, கண்ணூர் நான்கும் 65-க்கும் 68-க்கும் இடையில். பெயர்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அப்போது பெயரை நகர்த்தலாம், புள்ளியை நகர்த்தவே கூடாது.

கோடு மறைக்கும் விஷயம்

இப்போது மட்டாஞ்சேரி கேள்விக்கு வருவோம். 2001-க்கும் 2011-க்கும் இடையில் கேரளாவின் மொத்த மக்கள்தொகை கூடியது 5 சதவீதம்கூட இல்லை. ஆனால் நகர்ப்புற மக்கள்தொகை சுமார் 83 லட்சத்திலிருந்து 1.59 கோடியானது. இத்தனை பேர் கிராமத்தைக் காலி செய்துவிட்டு நகரத்துக்குக் குடிபோகவில்லை. பெரும்பாலும் அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், அந்த இடத்தின் பெயர்ப்பலகைதான் மாறியது.

குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு குறைந்தது 400 பேர், முதன்மைத் தொழிலாளர்களான ஆண்களில் குறைந்தது 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலை. இந்த மூன்றையும் தாண்டும் ஊரை, பஞ்சாயத்து நிர்வாகத்தில் இருந்தாலும், கணக்கெடுப்பு 'சென்சஸ் டவுன்' என்று நகர்ப்புறத்தில் சேர்த்துவிடும். கேரளாவில் இப்படிப்பட்ட ஊர்கள் 2001-ல் 99, 2011-ல் 461. திருச்சூர், மலப்புரம் கோடுகள் அவ்வளவு செங்குத்தாக இருப்பதற்கும், மாநகராட்சி அசையாமலேயே எர்ணாகுளம் ஏறியதற்கும் முக்கியக் காரணம் இதுதான்.

இது பொய்யான மாற்றம் இல்லை. அந்த ஊர்களில் விவசாயம் குறைந்து, வேலைகள் மெல்ல மெல்ல மாறியிருக்கின்றன. ஆனால் 74 சதவீதத்தில் இருந்த ஊர் 76-ஐத் தொட்டவுடன், அதன் மொத்த மக்களும் ஒரே நாளில் நகர்ப்புறக் கணக்குக்குத் தாவிவிடுகிறார்கள். படத்தில் உள்ள நேர்கோடு இந்தத் தாவலைக் காட்டாது. அதனால் ஒரு கோடு வழக்கத்துக்கு மாறாகச் செங்குத்தாக இருந்தால், இரண்டு முனைகளிலும் அளந்தது ஒரே பொருளைத்தானா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், அதைப் படத்துக்குக் கீழேயே ஒரு வரியில் எழுதுங்கள்.

அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படையாகக் கொண்டது. அந்த எண்கள் வந்ததும், இதே படத்தில் மூன்றாவது கோடு நிறுத்த பலரும் ஆசைப்படுவார்கள். 2001-க்கும் 2011-க்கும் இடையே 10 ஆண்டுகள், 2011-க்கும் 2027-க்கும் இடையே 16. இரண்டு இடைவெளிகளையும் ஒரே அகலத்தில் வரைந்தால், 16 ஆண்டுகளில் நடந்த மாற்றம் பத்தே ஆண்டுகளில் நடந்ததுபோல வேகமாகத் தெரியும். முதல் இடைவெளி 10 சென்டிமீட்டர் என்றால், அடுத்தது 16 சென்டிமீட்டராக இருக்கட்டும்.