மேசையைக் காட்டும் பலகை

டொராண்டோ, லண்டன் போன்ற நகரங்களில் நடக்கும் தமிழ்த் திருமண வரவேற்புகள் பலவற்றில் யார் எந்த மேசையில் அமர்வது என்பது முன்பே முடிவாகியிருக்கும். பந்தியில் காலியான இலையைப் பார்த்து அமரும் வழக்கம் அங்கே செல்லாது. மண்டபத்துக்குள் நுழையுமுன் ஒவ்வொருவரும் தமக்குரிய மேசையைத் தெரிந்துகொள்ள ஒரு பலகை வைக்கப்படுகிறது.

இந்தப் பலகையில் மிகுதியாக நேரும் பிழை, பெயர்களை மேசைவாரியாக எழுதுவது. அழகாகத்தான் இருக்கும். ஆனால் வருபவருக்குத் தெரிந்தது தம் பெயர் மட்டுமே; மேசை எண்ணைத் தேடித்தான் அவர் வந்து நிற்கிறார். 24 மேசைகள், மேசைக்குப் பத்துப் பேர் என்றால், தம் பெயர் கண்ணில் படுவதற்குள் அவர் சராசரியாக 120 பெயர்களைப் படிக்க நேரும். அதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிடும். பெயர்களை அகரவரிசையில் அடுக்கி எதிரே மேசை எண்ணை எழுதினால், சில நொடிகளில் வேலை முடிந்துவிடும்.

தமிழ்ப் பெயர்களை அடுக்குவதில் கவனம் தேவை. முதலெழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயருக்குரியது. அதை வைத்து அடுக்கினால் 'க. சிவகுமார்' ககர வரிசைக்குப் போய்விடுவார். அவரோ சகரத்தில் தேடிக்கொண்டிருப்பார். ஆகவே 'சிவகுமார் க.' என்று எழுதுவதே சரி. ஜெயந்தி, ஹரிணி போன்ற பெயர்கள் அகராதி முறைப்படி கடைசியில் வரும். எல்லோரும் அதை எதிர்பார்ப்பதில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் பெரிய தலைப்பு இட்டால் ஜகரம் எங்கே என்று தடுமாற வேண்டியதில்லை.

அழைப்பு குடும்பத்துக்குத்தான் என்பதால், குடும்பத்துக்கு ஒரு வரி போதும்: 'சிவகுமார் க. குடும்பம் (4) – மேசை 7'. மணப்பெண்ணின் தோழி கணவரோடு வருகிறார் என்றால், வரி தோழியின் பெயரில் இருக்க வேண்டும். கணவர் பெயரில் அவர் தம்மைத் தேடமாட்டார். சராசரி மூன்று பேர் என்றால் 240 பேர் 80 வரிகளில் அடங்கிவிடுவார்கள். இரண்டு பத்திகள், பத்திக்கு 40 வரி. எழுத்து 10 மில்லிமீட்டர் உயரம், வரிக்கு 17 மில்லிமீட்டர் இடம் என்று வைத்தால் பெயர்ப்பட்டியலுக்கு 68 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். 59 சென்டிமீட்டர் அகலமும் 84 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட ஏ1 தாளில் தலைப்போடு இது பொருந்தும்.

கண்ணாடிப் பலகையில் பொன்னிற எழுத்து படத்துக்கு எடுப்பாக இருக்கும். விளக்கொளி பட்டதும் படிக்க முடியாது. வெண்மையில் கறுப்பே முதியவர்களுக்கு நல்லது. கடைசி வரி இடுப்பு உயரத்துக்குக் கீழே இறங்கினால் முன்னால் நிற்பவர் மறைத்துவிடுவார். பலகையை வாசலிலேயே வைத்தால் படிப்பவர்கள் வழியை அடைத்துக்கொள்வார்கள். வாசலுக்குச் சில அடி முன்னே, ஓரமாக வைப்பது நல்லது.

எண் தெரிந்தபின் மேசையைக் கண்டுபிடிக்க வேண்டுமே! மேசை எண்கள் வாசலிலிருந்து வரிசையாகப் போக வேண்டும். எண் அட்டை பூ அலங்காரத்துக்கு மேலே தெரிய வேண்டும். பலகையில் மண்டப வரைபடம் இருந்தால், பார்ப்பவரின் இடப்பக்கம் வரைபடத்திலும் இடப்பக்கமாகவே அமைய வேண்டும்.

அச்சானபின்னும் வருகை மாறும். பட்டியலில் இல்லாதவர்களுக்கென ஒரு மேசையை ஒதுக்கி, திருத்திய பட்டியலோடு உறவினர் ஒருவரைப் பலகையருகே நிறுத்துவதே இதற்கு வழி.