ஒரு கிலோ சோளனில் ஆறு கிலோ புல்: தராசு காட்டாத கணக்கு

கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை வழியாக அக்கரைப்பற்றுக்குப் போகும் வீதியின் கிழக்கே கடல், மேற்கே வயல். இடையில் இருக்கும் ஒடுங்கிய நிலம் முழுக்க மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள். இங்கே ஆறேழு பேர்ச்சஸ் வளவில் நான்கு ஆடு வளர்ப்பவருக்குப் புல் வளர்க்க ஒரு சாண் நிலமும் மிஞ்சாது. வயலில் வேளாண்மை நிற்கும்போது வரம்புப் பக்கம் ஆட்டை அவிழ்த்துவிட முடியாது. சிறுபோகக் காலத்தில் கச்சான் காற்று அடித்தால் வெளியில் இருக்கும் புல்லும் கருகிவிடும். போதாததற்கு, ஹஜ்ஜுப் பெருநாள் இப்போது மே, ஜூன் மாதங்களில் வருகிறது. உழ்ஹிய்யாவுக்கு ஆட்டைத் தேற்ற வேண்டிய மாதங்களும் பச்சை கிடைக்காத மாதங்களும் ஒன்றாகிவிட்டன.

அதனால்தான் மண்ணில்லாமல் தட்டில் புல் வளர்க்கும் காணொளிகளை இந்தப் பக்கத்து ஆட்கள் ஆர்வமாகப் பார்க்கிறார்கள். ஒரு கிலோ சோளன் விதையைப் போட்டு எட்டாம் நாள் ஆறு கிலோ பச்சைப் புல்லை உருட்டி எடுப்பதைத் திரையில் காட்டுகிறார்கள். இதில் பொய் இல்லை. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கோவா நிலையம் இதைப் பல ஆண்டுகள் செய்து பார்த்து, ஒரு கிலோ சோளனிலிருந்து ஐந்து முதல் ஆறு கிலோ வரை பசுந்தீவனம் கிடைக்கும் என்று எழுதி வைத்திருக்கிறது. ஆனால் கூடிய எடை எதனுடையது என்று காணொளிக்காரர் சொல்வதில்லை.

கூடியது தண்ணீர். உலர்ந்த சோளன் விதையில் நூற்றுக்கு 88 பங்கு உலர்பொருள். எட்டாம் நாள் தட்டிலிருந்து எடுக்கும் புல்லில் அது 12 முதல் 15 பங்குதான். நான்கு ஆட்டுக்கு ஆளுக்கு முக்கால் கிலோ வீதம் நாளொன்றுக்கு மூன்று கிலோ புல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 600 கிராம் விதை போட வேண்டும். அந்த விதையில் ஏறத்தாழ 530 கிராம் உலர்பொருள் இருந்தது. மூன்று கிலோ புல்லில் இருப்பது ஏறத்தாழ 420 கிராம். மீதி நூறு கிராமுக்கு மேல் எங்கே போனது? முளைக்கும் விதை மூச்சுவிடுகிறது. தன்னிடம் இருக்கும் மாச்சத்தை எரித்துத்தான் வேரையும் இலையையும் ஓட்டுகிறது. ஒரு வாரத்து வெயில் அந்த இழப்பை ஈடுசெய்யப் போதாது. புரதம் எட்டு ஒன்பது சதவீதத்திலிருந்து பதின்மூன்றுக்கு ஏறிவிட்டது என்று சொல்வதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம். பசளையே போடாத தட்டில் புதிதாகப் புரதம் எங்கிருந்தும் வந்துவிடாது. மாச்சத்து குறைந்ததால் இருந்த புரதத்தின் பங்கு கூடித் தெரிகிறது.

பணத்திலும் பார்த்துவிடலாம். சோளன் கிலோ 150 ரூபாய் என்று கொண்டால் அந்த மூன்று கிலோ புல்லுக்கு விதை மட்டும் 90 ரூபாய். புல் கிலோ 30 ரூபாய்தானே என்று தோன்றும். உலர்பொருள் கணக்கில் பார்த்தால் கிலோ 200 ரூபாயைத் தாண்டுகிறது. விதையை அப்படியே கொடுத்திருந்தால் 170 ரூபாய்தான். இருபத்தைந்து கிலோ ஆடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு முக்கால் கிலோவுக்குக் குறையாத உலர்பொருள் வேண்டும். முக்கால் கிலோ தட்டுப்புல்லில் அது கிட்டத்தட்ட நூறு கிராம். தட்டுப்புல்லை மட்டும் போட்டு ஆடு வளர்க்கலாம் என்பவர் ஆட்டுக்குத் தண்ணீரைத்தான் விலைக்கு வாங்கிக் கொடுக்கிறார்.

பிறகு ஏன் வளர்க்க வேண்டும்? பச்சையே இல்லாத நாளில் உடம்பில் உயிர்ச்சத்து ஏயாக மாறும் நிறமிச் சத்து அதில் இருக்கிறது. வேரோடு சேர்த்து எளிதில் செரிக்கிறது. வைக்கோலை முகர்ந்துவிட்டுத் திரும்பும் ஆடு, இதைப் பிய்த்துக் கலந்துவிட்டால் வைக்கோலையும் தின்னும். வைக்கோலுக்குப் பஞ்சமில்லாத மாவட்டத்தில் இது சிறிய விசயம் அல்ல. ஆகவே இது துணைத் தீவனம். வைக்கோல், இப்பில் இப்பில் அல்லது கிளிரிசீடியா குழை, கொஞ்சம் தவிடு, அவற்றோடு இது.

செய்முறையில் முதல் கண்டம் விதை. பசளைக் கடையில் பைக்கற்றில் வரும் ஒட்டுரகச் சோளன் விதை சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால், அதில் பூஞ்சணக் கொல்லி பூசியிருக்கிறது. அது நிலத்தில் விதைக்க மட்டும். ஆட்டுக்கும் கொடுக்கக் கூடாது, கழுவினாலும் போகாது. கோழித்தீவனத்துக்கு விற்கும் சோளனில் மருந்து இராது. ஆனால் அதை அதிக வெப்பத்தில் காய வைத்திருந்தால் முளைக்காது. அம்பாறை மாவட்டத்தின் உட்பகுதியில், மகாஓயா, பதியத்தலாவைப் பக்கம், பெரும்போகத்தில் சோளன் நிறையச் செய்கிறார்கள். வெயிலில் காய்ந்த புதுச் சோளனை அங்கிருந்து நேரே எடுப்பது நல்லது. மூட்டையாக வாங்குமுன் நூறு விதையை எண்ணி ஈரத் துணியில் சுற்றி மூன்று நாள் வைத்துப் பாருங்கள். எண்பதுக்குக் குறைவாக முளைத்தால் அந்த மூட்டை வேண்டாம். முளைக்காத ஒவ்வொரு விதையும் தட்டில் கிடந்து அழுகி, பக்கத்து விதைக்கும் பூஞ்சணத்தைக் கொடுக்கும்.

அடுத்தது கழுவுதல். மிதக்கும் விதையையும் உடைந்ததையும் அள்ளிவிட வேண்டும். வாசனை சேர்க்காத ஐந்து சதவீதக் குளோரின் திரவத்தை லீட்டருக்கு 20 மில்லிலீட்டர் கலந்து, அதில் விதையை அரை மணித்தியாலம் போட்டு, நல்ல தண்ணீரில் மூன்று நான்கு தடவை அலச வேண்டும். பிறகு இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் ஈரச் சாக்கில் கட்டி வைத்தால் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அதைத் தட்டில் பரப்பலாம். இரண்டு அடிக்கு ஒரு அடித் தட்டுக்கு அந்த 600 கிராம் சரியாக இருக்கும். குளிர்ந்த அறைகளில் இதைவிட இரட்டிப்பாகப் போடுகிறார்கள். நமது வெக்கைக்கு அது ஒத்துவராது. தட்டின் அடியில் துளைகளும் ஒரு பக்கச் சரிவும் வேண்டும். தேங்கும் தண்ணீர்தான் எதிரி. நாளுக்கு ஒரு தட்டு வீதம் போட்டு வந்தால் ஒன்பது தட்டுகள் சுற்றில் போதும். பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தெளிக்க வேண்டும். மூன்று கிலோ புல்லுக்கு மொத்தம் ஒன்பது பத்து லீட்டர் தண்ணீர் பிடிக்கும். கடலுக்குக் கிட்டிய கிணற்றுத் தண்ணீர் சில இடங்களில் கரிக்கும். சோளன் உப்பைத் தாங்காது. வாயில் வைத்துக் கரித்தால் குழாய்த் தண்ணீரைப் பாவியுங்கள்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. மொட்டைமாடியில் தகரக் கூரையின் கீழ் வைத்தால் விதை அவிந்துவிடும். நிழல்வலையோ கிடுகோ போட்டு, கச்சான் வரும் பக்கம் ஈரச் சாக்குத் தொங்கவிட வேண்டும். முப்பது பாகைக்கு மேல் வெப்பம் ஏறினால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். நவம்பர் முதல் ஜனவரி வரையான மழையிலோ வெப்பம் குறைந்தாலும் காற்றில் ஈரம் கூடிவிடும், தட்டு உலராது. அந்த மாதங்களில் வெளியிலேயே பச்சை கிடைப்பதால் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடலாம்.

பூஞ்சணத்தை ஏன் இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், முளைத்த தானியத்தில் வளரும் ஆஸ்பெர்ஜிலஸ் கிளாவேடஸ் என்ற பூஞ்சணம் மாடுகளையும் ஆடுகளையும் நடுங்க வைத்து, பின்னங்கால் தளர்ந்து விழச் செய்து கொன்ற சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. நல்ல தட்டு வெட்டிய புல்லைப் போல மணக்கும். கெட்டது புளித்த வாடை வீசும், வேர்ப்பாய் வழுவழுப்பாக இருக்கும், விதைகளுக்கிடையில் சாம்பல், பச்சை, கறுப்பு நிறத்தில் பொடி தெரியும். மேலே பச்சையாக நிற்கிறதே என்று ஏமாறக் கூடாது, பாயைப் புரட்டி அடியைப் பார்க்க வேண்டும். ஒரு மூலையில் இருந்தாலும் முழுத் தட்டையும் புதைத்துவிடுங்கள். வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் கொடுப்பது சிக்கனம் அல்ல. எட்டு நாளைக்கு மேல் வைத்திருக்கவும் வேண்டாம். புல் உயரும், சத்து குறையும், பூஞ்சணம் கூடும்.

இதே தட்டு, இதே ஒரு வாரம், ஆனால் மனிதர் சாப்பிட என்றால் அது நுண்கீரை. கடுகு, வெந்தயம், பாசிப்பயறு, முள்ளங்கி ஆகியவற்றை முதல் இரண்டு இலை விரிந்ததும் தண்டோடு வெட்டுவது. சில்லறைக் கடைக் கடுகும் வெந்தயமும் நன்றாகவே முளைக்கும். அதே அளவுத் தட்டில் கழுவி உப்பு நீக்கிய தும்புத்தூளை இரண்டு விரல் கனத்தில் பரப்பி, 15 முதல் 20 கிராம் கடுகு தூவி, இரண்டு மூன்று நாள் மூடி வைத்து, பிறகு ஜன்னலோரம் வெளிச்சத்துக்கு எடுத்தால் எட்டுப் பத்து நாளில் கால் கிலோ அளவுக்கு வெட்டலாம். மேலே தண்ணீர் தெளிக்காமல் அடித்தட்டில் ஊற்றி உறிஞ்ச விட வேண்டும். மூன்றாம் நாள் வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். சிறிது தண்ணீர் தெளித்தால் மறைந்துவிடும், அது வேர்த்தூவி. மறையாமல் சிலந்தி வலை போலத் தண்டில் ஏறினால்தான் பூஞ்சணம்.

வளர்ப்பது இலேசு, விற்பதுதான் சிரமம். முருங்கை இலையும் பொன்னாங்காணியும் சுண்டல் போட மலிவாகக் கிடைக்கும் கல்முனைச் சந்தையில் நுண்கீரைக்கு எடுபட்ட விலை கிடைக்காது. பச்சையாகத் தட்டில் தூவிச் சாப்பிட ஆள் இருக்குமிடம் இதே கரையில் தெற்கே இருக்கிறது. அறுகம்பையில் அலைச்சறுக்குப் பருவம் ஏறத்தாழ ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரை. அங்குள்ள ஒன்றிரண்டு உணவகங்கள் வாரத்துக்கு எத்தனை கிராம் எடுக்கும் என்று கேட்டு, அந்த அளவுக்கு மட்டும் விதைப்பதே பாதுகாப்பு. காலையில் வெட்டிக் கழுவாமல் உலர்வாக டப்பாவில் அடைத்து, ஐஸ் பெட்டியில் போக வேண்டும். குளிரில் ஐந்து நாள் நிற்கும். பஸ் வெக்கையில் அரை நாளும் நிற்காது.

இரண்டையும் ஒரே அறையில் செய்யலாமா என்று கேட்பார்கள். செய்யக் கூடாது. 2011இல் ஜெர்மனியில் முளைவிட்ட வெந்தயத்தில் இருந்த இ.கோலி கிருமியால் ஏறத்தாழ நாலாயிரம் பேர் நோயுற்று ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். வேரோடும் விதையோடும் உண்ணும் முளைப்பயறைவிட, விதையை விட்டுத் தண்டை மட்டும் வெட்டும் நுண்கீரைக்கு ஆபத்துக் குறைவுதான். என்றாலும் அதே நச்சை உண்டாக்கும் இ.கோலியின் வேறு வகைகள் கால்நடைகளின் குடலில் வாழ்பவை. ஆட்டுக்கொட்டிலில் நின்ற கையோடு, அதே வாளி, அதே தட்டோடு மனிதர் பச்சையாகத் தின்னும் கீரையைத் தொடுவது கிருமியைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான். ஆடு வைத்திருப்பவர் தட்டுப்புல்லோடு நிற்கட்டும். ஆடு இல்லாத, ஓர் அறை சும்மா கிடக்கும் வீட்டுக்காரர் நுண்கீரையைத் தொடட்டும். விற்பனையில் இறங்குமுன் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தட்டுப்புல்லில் இறங்குபவர் அடுக்கும் மோட்டரும் பொருத்திய இயந்திரத்துக்குப் பணம் கட்டுமுன், ஒன்பது பிளாஸ்டிக் தட்டும் ஒரு பூவாளியுமாக ஒரு கச்சான் காலம் முழுக்க ஓட்டிப் பாருங்கள்.