குறையைக் கூறும் பத்தி

பணிக்கு விண்ணப்பிப்போர் தன்விவரக் குறிப்புடன் இணைத்து அனுப்பும் கடிதம் முகப்புக் கடிதம் எனப்படும். தம் தகுதியை எடுத்துரைப்பதற்கென்றே எழுதப்படும் இக்கடிதத்தில் சில நிறுவனங்கள் நேர்மாறான ஒன்றையும் கேட்கின்றன. ‘பணியில் தாங்கள் அடைந்த ஒரு தோல்வியையோ தங்களிடம் உள்ள ஒரு குறையையோ கடிதத்திலேயே சுருக்கமாக விளக்குக’ என்று விளம்பரத்தின் அடியில் ஒரு வரி காணப்படும். பலர் அவ்வரியைக் காணாததுபோல் கடந்துவிடுகின்றனர். கேட்டதற்கு விடையளிக்காத கடிதம், அறிவுறுத்தலைப் படிக்காதவரின் கடிதமாகவே கருதப்பட்டு ஒதுக்கப்படக்கூடும்.

இதே வினாவை நேர்காணலிலும் கேட்பதுண்டு. எனினும் இரண்டும் ஒன்றல்ல. நேர்காணலில் விடை தெளிவாக இல்லையெனில் எதிரில் இருப்பவர் மீண்டும் கேட்பார். குரலும் முகமும் சொல்லுக்குத் துணைநிற்கும். கடிதத்தில் அத்துணை இல்லை. விண்ணப்பதாரர் அறியாத பலர் கைகளில் அது செல்லும்; கோப்பில் தங்கும். எனவே படிப்பவர் மனத்தில் எழக்கூடிய அடுத்த வினாவுக்கும் அப்பத்தியிலேயே விடை இருத்தல் வேண்டும்.

தோல்வி என்பதும் குறை என்பதும் வெவ்வேறு என்பதை முதலில் உணர வேண்டும். தோல்வி ஒரு நிகழ்ச்சி. அதற்குக் காலமும் இடமும் முடிவும் உண்டு. குறை ஓர் இயல்பு. அது இன்றும் தொடர்வது. இவ்வேறுபாடு, எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைத் தீர்மானிக்கிறது. விண்ணப்பிக்கும் பணியின் உயிர்நாடியான திறமையில் இன்றும் உள்ள குறையைக் கூறுவது தன்னைத்தானே விலக்கிக்கொள்வதாகும். கணக்காளர் பணியை நாடுபவர் எண்களில் கவனம் சிதறும் என்று எழுத இயலாது. ஆனால் அதே துறையில் முன்பு நேர்ந்த தோல்வியை, அது திருத்தப்பட்டதற்குச் சான்று இருந்தால், தயக்கமின்றி எழுதலாம். தொலைவிலுள்ள சிறு தவற்றைவிட அதுவே மிகுந்த பயன் தரும்.

எடுத்துக்காட்டாக, வணிகவியல் பட்டம் பெற்ற பெண் ஒருவர், மருந்து மொத்த விற்பனை நிலையம் ஒன்றின் கிடங்கில் இருப்புக் கணக்கு உதவியாளராக 2 ஆண்டுகள் பணியாற்றினார் எனக் கொள்வோம். மற்றொரு நிறுவனத்தில் கிடங்குப் பொறுப்பாளர் பணிக்கு அவர் விண்ணப்பிக்கிறார். தோல்வி ஒன்றை விளக்குமாறு அந்நிறுவனம் கேட்கிறது. அவர் மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. மருந்துக் கிடங்கில், எந்தச் சரக்கு முதலில் காலாவதியாகுமோ அதுவே முதலில் வெளியே செல்ல வேண்டும். அவரோ புதிதாக வந்த பெட்டிகளைப் பழையவற்றின் முன்னால் அடுக்கச் செய்தார். அரையாண்டு இருப்புச் சரிபார்ப்பின்போது, பின்வரிசையில் இருந்த 120 புட்டி இருமல் மருந்துக்கு 20 நாள்களே எஞ்சியிருந்தமை தெரிந்தது. திருப்பி அனுப்பும் காலம் கடந்துவிட்டது. புட்டி ஒன்று 70 ரூபாய் வீதம் 8,400 ரூபாய் இழப்பு.

அவருடைய முதல் வரைவு இவ்வாறு அமைந்தது: ‘எதையும் முழுமையாகச் செய்ய வேண்டும் என்னும் இயல்பே என் குறை, அதனால் சில வேளைகளில் அளவுக்கு மீறி உழைத்துவிடுகிறேன்.’ குறை என்னும் போர்வையில் பாராட்டைத் தேடும் வாக்கியம் இது. எவர் வேண்டுமானாலும் எந்தப் பணிக்கு வேண்டுமானாலும் இதனை எழுதலாம். ஒரு பத்தியிலிருந்து எழுதியவரின் பெயரை நீக்கிவிட்டு வேறொருவர் பெயரைப் பொருத்தினாலும் அது பொருந்துமானால், அதில் செய்தி ஏதுமில்லை.

இரண்டாம் வரைவில் உண்மை நிகழ்ச்சி இடம்பெற்றது. ஆயினும் அதன் பெரும்பகுதி, கிடங்கில் போதிய ஆள்கள் இல்லை, மேலாளர் முறையாகக் கற்பிக்கவில்லை என்பவற்றால் நிறைந்திருந்தது. அவை மெய்யாகவே இருக்கலாம். ஆனால் படிப்பவர், ‘நாளை நம்மைப் பற்றியும் இவர் இப்படித்தான் எழுதுவார்’ என்று எண்ணுவார். தவிரவும், முன்னாள் நிறுவனத்தின் உள்விவகாரங்களை வெளியிடுவது தகாது. இழப்பின் அளவைக்கூட, அது வெளியே சொல்லத்தக்கதா என்று எண்ணிய பின்னரே எழுத வேண்டும். ஐயமிருப்பின் தொகையை விடுத்து நிகழ்ச்சியை மட்டும் கூறலாம்.

மூன்றாம் வரைவு பின்வருமாறு:

‘முந்தைய பணியில் சேர்ந்த பத்தாம் மாதத்தில், புதிய சரக்கைப் பழைய சரக்கின் முன்னால் அடுக்கச் செய்தேன். அதனால் 120 புட்டி மருந்து விற்பனையாகாமல் காலாவதியாகும் நிலையை அடைந்தது. பெட்டிகளின் எண்ணிக்கையைச் சரிபார்த்த நான், அவற்றின் காலாவதி மாதத்தைப் பார்க்கவில்லை. அதன்பின் ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் அம்மாதத்தைப் பெரிய எழுத்தில் குறிக்கலானேன். மாதந்தோறும் முதல் சனிக்கிழமை, 6 மாதத்துக்குள் காலாவதியாகும் சரக்குகளைப் பட்டியலிட்டு விற்பனைப் பிரிவுக்கு அனுப்பினேன். அடுத்த 14 மாதங்களில் அக்காரணத்தால் இழப்பு நேரவில்லை.’

இப்பத்தியில் வருத்தம் தெரிவிக்கும் சொல் ஒன்றும் இல்லை என்பது கருதத்தக்கது. தவறு தம்முடையது என்பதை ‘நான் பார்க்கவில்லை’ என்னும் சொற்களே உணர்த்திவிடுகின்றன. எண்ணிக்கையைப் பார்த்தவர் காலத்தைப் பார்க்கவில்லை என்று காரணத்தைத் துல்லியமாகச் சொன்னமையால், பின்னர்க் கூறும் திருத்தம் அக்காரணத்துக்கு நேரான மருந்தாக அமைகிறது. பலருடைய கடிதங்கள் சறுக்கும் இடம் இதுவே: தவறு ஒன்றாகவும் திருத்தம் வேறொன்றாகவும் இருக்கும். கவனக்குறைவால் நேர்ந்த பிழைக்குத் தன்னம்பிக்கைப் பயிற்சி பெற்றதாக எழுதினால் எவரும் நம்பார். ‘இனி கவனமாக இருப்பேன்’ என்பதும் திருத்தமாகாது. அது உறுதிமொழி மட்டுமே. முதல் சனிக்கிழமைப் பட்டியலோ பிறர் கண்ணால் கண்டு சரிபார்க்கத்தக்க செயல்.

தோல்வியை விடுத்துக் குறையைக் கேட்டிருந்தால், ‘அது முற்றிலும் நீங்கிவிட்டது’ என்று எழுதுவது பொருந்தாது. நீங்கிவிட்டதாயின் அது இன்றைய குறையன்று. பலர் கூடிய கூட்டத்தில் பேசத் தயங்குபவர், கூற வேண்டியதை முன்னரே எழுதிக்கொண்டு செல்வதால் இப்போது பேச முடிகிறது என்றும், எதிர்பாராத வினாக்களில் தயக்கம் இன்னும் உண்டு என்றும் எழுதலாம். உடல்நலமும் குடும்பச் சூழலும் இங்குச் சொல்ல வேண்டியவை அல்ல; கேட்கப்பட்டது பணி தொடர்பானதே.

இப்பத்திக்குரிய இடம் கடிதத்தின் தொடக்கமன்று. எப்பணிக்கு விண்ணப்பம், என்ன தகுதி என்பவற்றைக் கூறிய பின்னர் மூன்றாம் பத்தியாக இது வரலாம். விளம்பரம் சொல்லளவைக் குறித்திருந்தால் அதனை மீறலாகாது. குறிக்கவில்லையெனில் கடிதத்தின் நான்கில் ஒரு பங்கே போதும். அதன் பின்னர்ப் பணியில் சேர இயலும் நாளைக் குறிப்பிட்டுக் கடிதத்தை முடிக்கலாம். நிறுவனம் கேட்காதபோது இப்பத்தியை எழுத வேண்டிய தேவையே இல்லை.

எழுதிய ஒவ்வொரு விவரமும் மெய்யாக இருத்தல் வேண்டும் என்பதற்கு நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. பரிந்துரைப்போராகக் குறிக்கப்பட்ட முன்னாள் மேலாளரிடம் நிறுவனம் விசாரிக்கக்கூடும். 14 மாதம் என்று எழுதியதை அவர் 4 மாதம் என்றால், கிடங்கில் நேர்ந்த தவற்றைவிடக் கடிதத்தில் நேர்ந்த தவறு பெரிதாகிவிடும். அனுப்பிய கடிதத்தின் படியொன்றை அப்பெண் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். நேர்காணலுக்கு அழைப்பு வந்தால், ‘அந்தப் பட்டியலை எப்படித் தயாரித்தீர்கள்?’ என்பதே முதல் வினாவாக இருக்கலாம்.