தடுப்பூசி போட்ட தொடையில் கட்டி, குழந்தைக்குக் காய்ச்சல்: எதுவரை பொறுக்கலாம், எப்போது மருத்துவமனை?

கொல்கத்தாவில் ஆறு வாரக் குழந்தையை அரசு சுகாதார மையத்துக்குக் கொண்டுபோனால், சென்னையில் பின்பற்றும் அதே தேசிய அட்டவணைப்படிதான் ஊசி போடுவார்கள். இடது தொடையில் பென்டாவேலன்ட், வலது தொடையில் நிமோனியா தடுப்பூசி, வலது கையில் போலியோ ஊசி, வாயில் சொட்டு மருந்து. வீட்டுக்கு வந்து சாயங்காலமானதும் குழந்தை சிணுங்க ஆரம்பிக்கும். உடம்பு சுடும். இடது தொடையைத் தொட்டால் அலறும், விரலுக்கு ஒரு கட்டி தட்டுப்படும். 'ஊசி சீழ் பிடிச்சிடுச்சோ?' என்ற பயம் வருவது இங்கேதான்.

பெரும்பாலும் அது சீழ் அல்ல. அதை எப்படித் தெரிந்துகொள்வது? கட்டி எவ்வளவு பெரிது என்பதைவிட, அது எப்போது வந்தது, நாளுக்கு நாள் எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பாருங்கள்.

கட்டி ஏன் வருகிறது?

பென்டாவேலன்ட் ஊசி தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி, ஹெபடைடிஸ் பி, ஹிப் ஆகிய ஐந்துக்கும் எதிரானது. அரசு மையங்களில் தரப்படும் ஊசியில் கக்குவான் கிருமி, கொல்லப்பட்ட நிலையில் முழுதாக இருக்கும். உடல் அதைப் பார்த்துக் கொஞ்சம் அதிகமாகவே கொதிக்கும். ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்குக் காய்ச்சலோ, தொடையில் வீக்கமோ, வலியோ வருவது இதனால்தான். தனியார் கிளினிக்குகளில் 'வலியில்லா ஊசி' என்று விற்பது அந்தக் கிருமியின் சில துண்டுகளை மட்டும் கொண்டது. அதில் இந்தத் தொந்தரவு குறைவு.

இன்னொரு காரணம், மருந்தில் கலந்திருக்கும் அலுமினிய உப்பு. தடுப்பு மருந்தைத் தசையிலேயே கொஞ்ச நாள் பிடித்து வைத்து, நோய் எதிர்ப்பு செல்களை அங்கே வரவழைப்பது அதன் வேலை. அந்த செல்கள் கூடும் இடம்தான் கையில் உருண்டையாகத் தட்டுப்படுகிறது. காய்ச்சல் போன பிறகும் வலியில்லாத கடலைப்பருப்பு மாதிரி ஒரு கட்டி சில வாரங்கள் தங்கலாம். தானாகக் கரைந்துவிடும்.

கடிகாரத்தைப் பாருங்கள்

புதன்கிழமை காலை 11 மணிக்கு ஊசி போட்டதாக வைத்துக்கொள்வோம். அன்று ராத்திரி காய்ச்சல் 38.3 டிகிரி செல்சியஸ், அதாவது சுமார் 101 ஃபாரன்ஹீட். வியாழக்கிழமை தொடை சிவந்து, வீங்கி, சூடாக இருக்கிறது. குழந்தை அழுதாலும் தூக்கினால் சமாதானமாகிறது, பால் குடிக்கிறது, ஒன்றுக்குப் போகிறது. வெள்ளிக்கிழமை காய்ச்சல் இல்லை, சிவப்பும் மங்குகிறது. கட்டி மட்டும் மிச்சம். இது ஊசியின் வழக்கமான விளைவு. முதல் 48 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கும்.

தொற்று இதற்கு நேர் எதிர். தோலில் இருந்த கிருமி ஊசித் துளை வழியாக உள்ளே போய்ப் பெருக அதற்கு நேரம் வேண்டும். ஆகவே மூன்றாம் நாளில், நான்காம் நாளில்தான் அது தலைகாட்டும். குறைந்த வலி திரும்ப ஏறும், சிவப்பு பரவும், விட்ட காய்ச்சல் மறுபடி வரும். கட்டியின் நடுவே கெட்டித்தன்மை போய், தண்ணீர் நிரம்பிய பலூனைத் தொடுவதுபோல மெத்தென்று ஆகும். அது சீழ் கட்டியிருப்பதன் அடையாளம்.

சிவப்பு பரவுகிறதா என்று கண்ணால் மட்டும் முடிவு செய்யாதீர்கள், பதற்றத்தில் எல்லாமே பெரிதாகத் தெரியும். சிவப்பின் ஓரத்தைச் சுற்றிப் பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு, மொபைலில் படம் எடுத்து வையுங்கள். மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். வங்காளத்தில் சீழுக்கு 'பூஜ்', காய்ச்சலுக்கு 'ஜ்வர்', தடுப்பூசிக்கு 'டீக்கா'. புதிதாகக் கொல்கத்தா வந்தவர்களுக்கு இந்த மூன்று சொல்லும் படமும் போதும், மொழி தெரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிடும்.

கிருமியே இல்லாமலும் சீழ்போல ஒன்று சேர்வதுண்டு. ஊசி தசைக்குள் போகாமல் மேலே கொழுப்பிலேயே நின்றுவிட்டால், அலுமினிய உப்பு அங்கே உறுத்திக்கொண்டே இருக்கும். காய்ச்சலோ சூடோ இல்லாமல், சில வாரம் கழித்துக் கட்டி மிருதுவாகும். இதையும் டாக்டர்தான் பார்க்க வேண்டும். வீட்டில் பிதுக்குவதோ, ஊசியால் குத்துவதோ கூடாது. கிருமி இல்லாத இடத்தில் நாமே கிருமியை ஏற்றியதாகிவிடும்.

பிறந்ததும் இடது கையில் போடும் பி.சி.ஜி. மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. அதில் இரண்டு முதல் நான்கு வாரத்தில் கொப்புளம் வந்து, உடைந்து, கொஞ்சம் சீழும் வடிந்து, பிறகு தழும்பாவதுதான் இயல்பு. மருந்து தடவ வேண்டியதில்லை. இடது அக்குளில் நெறிகட்டிப் பெரிதாகிக்கொண்டே போனால் மட்டும் காட்டுங்கள்.

காய்ச்சலுக்கு என்ன தரலாம்?

பாராசிட்டமால் போதும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 4.5 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 45 முதல் 67 மில்லிகிராம். குழப்பம் பாட்டிலில்தான். சொட்டு மருந்து பாட்டிலில் பொதுவாக ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும், எனவே அரை மில்லியே போதும். சிரப்பில் 5 மில்லிக்கு 120, 125 அல்லது 250 மில்லிகிராம் என்று பலவகை உண்டு. சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து ஒரு டீஸ்பூன் கொடுத்தால், 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். அதனால் மருந்தின் பெயரையும் எத்தனை மில்லி என்பதையும் ஊசி போட்ட நர்ஸிடமே அட்டையில் எழுதி வாங்குங்கள்.

கொடுப்பதற்கு முன் அட்டையில் எழுதியதும் கையில் இருப்பதும் ஒன்றுதானா என்று படித்துப் பாருங்கள். 2019 மார்ச்சில் ஹைதராபாத் நாம்பள்ளி சுகாதார மையத்தில் தடுப்பூசி போட்ட குழந்தைகளுக்குப் பாராசிட்டமாலுக்குப் பதிலாக டிராமடால் என்ற கடுமையான வலி மாத்திரை கைமாறிப் போனது. பல குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், உயிரிழப்பும் நேர்ந்தது. பழி ஊசிமேல் விழப் பார்த்தது, உண்மையில் கோளாறு மாத்திரையில் இருந்தது.

தொடைக்கு ஈரத்துணி வைத்தால் வலி கொஞ்சம் அடங்கும். தேய்ப்பது, சூடான ஒத்தடம், சுண்ணாம்பு, உருளைக்கிழங்கு வில்லை எதுவும் வேண்டாம். கொல்கத்தாவின் புழுக்கத்தில் காய்ச்சல் குழந்தையைக் கம்பளியில் சுற்றாதீர்கள், மெல்லிய பருத்தித் துணி போதும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 48 மணி நேரத்தைத் தாண்டினால், அல்லது இடையில் 39 டிகிரியைத் தொட்டால், ஊசிதான் காரணம் என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றோ வேறு ஏதோ தற்செயலாக அதே வாரத்தில் வந்திருக்கலாம். மழைக்காலத்திலும் அதற்குப் பிறகும் இந்த நகரத்தில் டெங்கு வேறு சுற்றும். பால் குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் எழாமல் துவண்டால், நிறம் வெளிறினால், வலிப்பு வந்தால், மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் அழுதால் எத்தனை மணி நேரம் ஆனது என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். பூல்பாகானில் உள்ள டாக்டர் பி.சி.ராய் அரசுக் குழந்தைகள் மருத்துவமனை குழந்தைகளுக்கென்றே இருப்பது.

சீழ் பிடித்தது உறுதியானால் டாக்டர் ஆன்டிபயாட்டிக் தருவார், தேவைப்பட்டால் கீறி வடிப்பார். இதை ஊசி போட்ட மையத்திலும் சொல்லுங்கள். ஒரே நாளில் ஊசி போட்ட இரண்டு மூன்று குழந்தைகளுக்கு இப்படி ஆகியிருந்தால், கோளாறு மருந்துக் குப்பியிலோ கை சுத்தத்திலோ இருக்கலாம். அவர்கள் அதை விசாரிக்க வேண்டும்.

பத்தாவது வார ஊசிக்குப் போகும்போதும் வலியில்லாத பழைய கட்டி இருந்தால், நர்ஸிடம் காட்டுங்கள். அதிலிருந்து சற்றுத் தள்ளிப் போடுவார்கள். அதற்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.